பாட்டியின் எண்ணெய்ச் சாடியும் ஆறு பெட்டி சோப்பும்

ஆறாவது பெட்டியில் வார்த்த சோப்புக் கட்டிகளை நேற்று ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அறுத்து அடுக்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரு கட்டியிலும் ஆரஞ்சுப் புள்ளி இல்லை. முகர்ந்தால் சிக்கு வாடை இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். ஐந்தாவது பெட்டியோடு எழுதியிருந்தால் இது வேறு மாதிரியான பதிவாக இருந்திருக்கும்.

ஆரம்பம் என்னுடையது அல்ல, பாட்டியுடையது. பொரித்த எண்ணெயைப் பாட்டி ஒருநாளும் கழிவுத் தொட்டியில் ஊற்றியதில்லை. அடுப்பை அணைத்த பிறகு வாணலியைத் தொடாமல் விட்டுவிடுவார். எண்ணெய் கைச்சூட்டுக்கு வந்ததும் பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்து, ஒரு எவர்சில்வர் பாத்திரத்தின் வாயில் விரித்து, மெதுவாக ஊற்றுவார். துணியைப் பிழிய மாட்டார். பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கப் போவார். காலையில் எழுந்ததும் அதை அசைக்காமல் தூக்கி, மேலே தெளிந்ததை மட்டும் கண்ணாடிச் சாடியில் சாய்ப்பார். அடியில் ஒரு விரற்கடை எண்ணெயும் வண்டலும் அப்படியே நிற்கும். அதைக் காகிதத்தில் துடைத்து எடுத்துக் குப்பையில் போடுவார். சாடி அலமாரியின் கீழ்த்தட்டில், வெளிச்சம் படாத மூலைக்குப் போகும்.

இவ்வளவுதான் அந்தப் பழக்கம். வீட்டில் யாரும் இதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. "அத்தைக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது" என்று அம்மா சொல்வார். அந்த எண்ணெய் கதவுக் கீலுக்கும், இரும்பு வாணலியில் துருப்பிடிக்காமல் பூசவும் போகும். மீதியைப் பாட்டிக்குத் தெரிந்த ஒரு அம்மாள் சோப்புக் காய்ச்ச வாங்கிப் போவார். அவருக்கு வயதாகிவிட்டது, சோப்புக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டார். பாட்டி நிறுத்தவில்லை. கீழ்த்தட்டில் சாடிகள் பெருகின. அக்கா ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது பதினொன்று இருந்தன.

"இதை என்ன செய்வதாக உத்தேசம் பாட்டி?" என்று கேட்டேன்.

"நீதான் சும்மா இருக்கிறாயே, சோப்புப் போடேன்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

முதல் பெட்டியில் நான் செய்த தவறு சிறுபிள்ளைத்தனமானது. எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா தேவை என்பதற்கு அட்டவணைகள் கிடைக்கின்றன. சூரியகாந்தி எண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 0.135 கிராம். நான் சாடியிலிருந்து ஒரு லிட்டர் அளந்து, அதை 1000 கிராம் என்று கொண்டு, 135 கிராம் சோடா நிறுத்தேன். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். அதற்கு வேண்டிய சோடா 124 கிராம். ஆக 11 கிராம் சோடா சேர்மானம் இல்லாமல் கட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. வழக்கமாகச் சோடாவை ஐந்து விழுக்காடு குறைத்துப் போடுவார்கள். கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தால் கைக்கு நல்லது, சிறு அளவுப் பிசகையும் அது தாங்கிக்கொள்ளும். எண்ணெய் மிஞ்சினால் கட்டி பிசுபிசுக்குமோ என்ற பயத்தில் நான் அந்தக் கழிவையும் விடவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது கட்டி வெள்ளையாக, கல்லாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கத்தியை வைத்தால் அறுபடாமல் சுண்ணாம்புக் கட்டி போல உதிர்ந்தது. ஈர விரலால் ஒரு துண்டைத் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பார்த்தேன். மின்கலத்தின் முனையை நக்கினால் சுரீரென்று இழுக்குமே, அதே சுரீர். உடனே துப்பி வாயைக் கொப்பளித்தேன். சோடா மிச்சமிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

தூக்கிப் போடப் போனவனைப் பாட்டி தடுத்தார். "உப்பு கூடினால் குழம்பையா கொட்டுகிறோம்?" என்றார். சரிதான். கையுறையோடு கட்டியை முழுவதும் துருவினேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, அதில் துருவலையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டு இளக்கினேன். 135 கிராம் சோடாவுக்கு, கழிவோடு சேர்த்து, 1053 கிராம் எண்ணெய் வேண்டும். கைவசம் இருந்தது 920. இன்னும் 133 கிராமை நிறுத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விடாமல் கிளறினேன். மசித்த கிழங்கு போல வந்தது. அச்சில் வைத்து அமுக்கினேன். பார்க்கக் கரடுமுரடு, ஆனால் ஒரு வாரம் கழித்து நாக்கில் சுரீர் இல்லை. அந்தக் கட்டிகளில் வீட்டுக் கரித்துணி எல்லாம் வெளுத்தது.

அன்றிலிருந்து எண்ணெய், தண்ணீர், சோடா மூன்றையும் எடையில் மட்டுமே அளக்கிறேன். தராசு ஒரு கிராம் துல்லியம் காட்டினால் போதும். ஒரு கிலோ எண்ணெய்க்குக் குறைவாகப் போட்டால் அந்த ஒரு கிராமே பெரிய பிசகாகிவிடும், அதனால் சின்ன அளவில் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சோடாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் நான் டப்பாவைத் திறப்பதில்லை. சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது, ஊற்றினால் கொதித்து எகிறும். குளிர்ந்த தண்ணீரில் கலக்கினாலும் கரைசல் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, மூக்கைக் குத்தும் ஆவி கிளம்பும். அதனால் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இந்த வேலை. கையில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும். ஒருமுறை அவசரத்தில் அலுமினியக் கரண்டியால் கலக்கிவிட்டேன். கரண்டி நுரைத்துப் பொங்கிக் கறுத்துப்போனது. அலுமினியத்தைக் காரம் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அந்தக் கரண்டி இப்போது மாடித் தொட்டியில் மண் அள்ளுகிறது. அம்மா அதைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது பெட்டி: 1000 கிராம் எண்ணெய், ஐந்து விழுக்காடு கழித்து 128 கிராம் சோடா, அதற்கு இரட்டிப்பாக 256 கிராம் தண்ணீர். எல்லாம் எடைப்படி. கரைசலும் எண்ணெயும் நாற்பது டிகிரி பக்கம் வந்ததும் சேர்த்து, கை மிக்ஸரால் சில விநாடி ஓட்டுவது, சில விநாடி சும்மா கிளறுவது என்று மாற்றி மாற்றிச் செய்தேன். எப்போது நிறுத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. படித்த விளக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தன. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்து, "கரண்டியைத் தூக்கிக் கோடு போடு. கோடு மேலே நின்றால் பதம். முழுகிப்போனால் இன்னும் ஆகவில்லை" என்றார். கரண்டியிலிருந்து வழிந்த நூல், பரப்பின் மேல் ஒரு நொடி புடைத்து நின்று பிறகு அமிழ்ந்தது. பாட்டி சோப்பே காய்ச்சியதில்லை. பதம் பார்ப்பது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்தக் கட்டி இரண்டாம் நாளும் களிமண் போல இருந்தது. நான்காம் நாள்தான் அச்சிலிருந்து கழற்ற முடிந்தது. ஆறு வாரம் காற்றாட வைத்தும் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நுரையும் சொற்பம், சளி போல வழிந்தது. கணக்கில் பிழை இல்லை, எண்ணெயின் குணமே அது. சூரியகாந்தி போன்ற இளகிய எண்ணெய் மட்டும் போட்டால் சோப்பு இளகித்தான் இருக்கும். இறுக்கமும் பொங்கும் நுரையும் வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய் போன்ற, குளிரில் உறையும் எண்ணெய் ஒன்று சேர வேண்டும்.

மூன்றாவது பெட்டிக்கு 700 கிராம் பாட்டியின் எண்ணெய், 300 கிராம் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சோடாவை அதிகம் கேட்கும், கிராமுக்கு 0.183. ஆக 94.5 கிராமும் 54.9 கிராமும் சேர்ந்து 149.4. ஐந்து விழுக்காடு போனால் 142 கிராம். தண்ணீர் 284. ஐந்து நிமிடத்தில் பதம் வந்தது. மறுநாள் மாலையே கம்பியால் அறுத்தேன், பதினான்கு கட்டி கிடைத்தது. கட்டி ஒவ்வொன்றும் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஐந்து வாரத்தில் நீர் வற்றி ஒவ்வொன்றும் தொண்ணூறு கிராம் பக்கம் வந்தது. தந்த நிறம். வாடை என்று ஒன்றுமே இல்லை. பொரித்த எண்ணெயில் செய்தது என்று சொன்னால்தான் தெரியும்.

பதினான்கில் ஆறை அக்கா அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் நான்கு வீடுகளிலிருந்து "இன்னும் இருக்கிறதா, விலைக்குத் தருவீர்களா" என்று கேள்வி வந்தது. அன்று இரவே அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கோடு போட்டுப் பிரித்தாள். அவள் அப்படித்தான், அவளுக்கு எதையும் கட்டம் போட்டால்தான் நம்பிக்கை வரும். நோட்டில் முதலில் கண்ணில் பட்டது, எண்ணெய் இலவசம் என்பது பெரிய லாபம் இல்லை என்பதுதான். கைக்காசில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய்க்குப் போயிருந்தது. சோடா அதில் சின்னப் பங்கு. ஆனால் அதைவிடப் பெரிய செலவு நேரம். நிறுப்பது, ஆறவிடுவது, கலக்குவது, பாத்திரம் கழுவுவது என்று ஒரு பெட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் பதினான்கு கட்டிக்கு. மூன்று கிலோ போட்டாலும் நேரம் ஏறக்குறைய அதேதான் ஆகும் என்று கணக்குப் போட்டோம். பாதி உண்மை. மறுபாதியை ஐந்தாவது பெட்டி சொல்லிக்கொடுத்தது.

அதற்கு முன் நான்காவது. பாட்டியின் பதினோரு சாடியில் நல்லது எல்லாம் தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு லிட்டர்கூடச் சேராது. சோப்புக் கேட்டவர்களிடமே எண்ணெய் கேட்டோம். சந்தோஷமாகக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் புட்டியில் ஒன்று, மூடியில்லாத டம்ளரில் ஒன்று, அடுப்புப் பக்கத்தில் எத்தனை நாள் நின்றதோ தெரியாத தகர டப்பாவில் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி, ஒற்றைத் துணியில் வடிகட்டி, அன்றே வேலையைத் தொடங்கினேன். பாட்டி வந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கலக்க ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் கலவை சட்டென்று இறுகியது. அச்சில் ஊற்ற வேண்டியதைக் கரண்டியால் அள்ளி அப்ப வேண்டியிருந்தது. அப்போது அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கை. பல முறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பு பிரிந்து அமிலமாகிக் கிடக்கும். அந்த அமிலம் சோடாவைப் பார்த்த மாத்திரத்தில் சோப்பாகிவிடும், மீதி எண்ணெய் பின்னால் மெதுவாக வரும். சோடாவின் மொத்தக் கணக்கு இதனால் பெரிதாக மாறாது. ஆனால் எண்ணெய் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதை அந்த வேகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஐந்து வாரம் வரை கட்டிகள் நன்றாகவே இருந்தன, நிறம் மட்டும் கொஞ்சம் பழுப்பு. எட்டு கட்டிகளை விற்றோம். ஏழாவது வாரம் ஒரு கட்டியின் விளிம்பில் கடுகு அளவு ஆரஞ்சுப் புள்ளி. இரண்டு நாளில் பக்கத்தில் இன்னும் மூன்று. தொட்டால் அந்த இடம் மட்டும் ஈரமாக ஒட்டியது. முகர்ந்தால் பழைய எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்த சிக்கு வாடை. சோப்பாகாமல் கட்டிக்குள் நின்ற எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போவதுதான் அந்தப் புள்ளி. தோலுக்கு அதனால் பெரிய கேடு இல்லை என்றாலும் அதைக் காசுக்குக் கொடுப்பது நியாயமில்லை. எட்டு வீட்டுக்கும் அக்கா போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நோட்டில் அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறாள்.

அன்று மாலைதான் பாட்டியிடம் முறையாகக் கேட்டேன். ஏன் ஆறும் வரை காத்திருக்கிறீர்கள், ஏன் பிழிவதில்லை, அடியில் இருப்பதை ஏன் விடுகிறீர்கள் என்று. அவருக்குக் கேள்வியே விசித்திரமாகப் பட்டது. "பிழிந்தால் துணியில் நிற்கிறதெல்லாம் உள்ளே போய்விடுமே" என்றார். வண்டலைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுதானே நாறும்" என்றார். இரண்டுமே சரி. வண்டல் என்பது கருகிய மாவும் உணவுத் துணுக்கும் அவை பிடித்துவைத்திருக்கும் ஈரமும். எண்ணெயைக் கறுக்க வைப்பதும் கெடுப்பதும் அதுதான். வெளிச்சமும் சூடும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுப்புப் பக்கத்தில் மூடியில்லாமல் நின்ற டப்பாவில் இவை அத்தனையும் இருந்தன. பாட்டியின் கீழ்த்தட்டு மூலையில் ஒன்றுகூட இல்லை.

எண்ணெய் தேறுமா என்று பாட்டி எப்படிச் சொல்கிறார் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். சாடியை மேசைமேல் வைத்து, அதன் பின்னால் செய்தித்தாளை நிறுத்துவார். எண்ணெயின் ஊடாகப் பெரிய எழுத்துத் தலைப்புகள் தெரிந்தால் போதாது, கீழே உள்ள பொடி எழுத்தையும் கூட்டிப் படிக்க முடிய வேண்டும். பிறகு மூடியைத் திறந்து மூடியின் உட்பக்கத்தை முகர்வார், எண்ணெயை அல்ல. வாடை முதலில் மூடியில்தான் ஏறும் என்பது அவர் கணக்கு. நாலைந்து சாடிகளில் நானும் சோதித்துப் பார்த்தேன். எண்ணெயில் எனக்கு ஒன்றும் தெரியாத சாடியில் மூடி சொல்லிவிட்டது.

ஐந்தாவது பெட்டியில் எண்ணெயைக் கழுவிப் பார்த்தேன். ஒரு பங்கு எண்ணெய், ஒரு பங்கு தண்ணீர், ஒரு கரண்டி உப்பு, ஆழமான பாத்திரத்தில் சிறு தீயில் பதினைந்து நிமிடம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் பொங்கினால் அடுப்பெல்லாம் எண்ணெய்தான். பக்கத்திலேயே நின்றேன். ஆறியதும் பழுப்புத் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே, நடுவே அழுக்கு நுரை போல ஒரு படலம். மேலாக எண்ணெயை அள்ளி, மிச்ச ஈரம் போக இரண்டு நாள் தெளிய விட்டேன். நிறம் வெளுத்தது, பொரித்த வாடை பாதி குறைந்தது. ஆனால் ஏற்கெனவே காறிப்போன எண்ணெயை எத்தனை முறை கழுவினாலும் மீட்க முடியாது. கழுவுவதால் அழுக்குதான் போகிறது, கெட்டது கெட்டதுதான்.

நேரத்தை மிச்சம் பிடிக்க அதே பெட்டியை மூன்று கிலோவாகப் போட்டேன்: 2100 கிராமும் 900 கிராமும், சோடா 426, தண்ணீர் 852. சூடு குறையாமல் இருக்கட்டும் என்று மரப்பெட்டியைக் கம்பளியால் சுற்றினேன். ஒரு கிலோவுக்கு அது சரியாக இருந்தது. மூன்று கிலோ தன் சூட்டிலேயே வெந்தது. இரண்டு மணி நேரத்தில் நடுவில் நீளமாக வெடித்து, உள்ளே இருந்து பாகு போல ஒரு குழம்பு மேலேறியது. கம்பளியை உருவிவிட்டு மின்விசிறியைத் திருப்பினேன். தப்பித்தது. அறுத்தபோது நடுப்பகுதி ஒரு நிறம், ஓரம் ஒரு நிறம். வீட்டுக்கே வைத்துக்கொண்டோம். பெரிய பெட்டிக்குப் போர்வை வேண்டாம், பெட்டியும் உயரமாக இல்லாமல் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் அக்காதான் திசையைத் திருப்பினாள். நோட்டைப் புரட்டிக்கொண்டே, "நாம் சோப்பைச் சரிசெய்துகொண்டே இருக்கிறோம். மூன்றாவது பெட்டி சோப்பில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அந்த எண்ணெய் வேண்டும், அவ்வளவுதானே" என்றாள். அந்த எண்ணெய் கடையில் கிடைக்காது. பாட்டி செய்வதைப் பத்து வீட்டில் செய்தால்தான் கிடைக்கும்.

எனவே அடுத்த ஆறு வாரம் நான் சோப்பே போடவில்லை. அரை லிட்டர் கண்ணாடிச் சாடிகளாகச் சேர்த்தோம், ஊறுகாய் வந்தது, தேன் வந்தது, எதுவானாலும் சரி. நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தோம். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் பாட்டி திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு சாடியிலும் இரண்டு மடிப்புத் துணியை ரப்பர் பட்டையால் கட்டி, கழுத்துக்குக் கீழே ஒரு காகிதத்தை ஒட்டினோம். காகிதத்தில் பாட்டி சொல்ல அக்கா எழுதியது: ஆறிய பிறகு ஊற்றுங்கள். துணியைப் பிழியாதீர்கள். ஒரு இரவு வையுங்கள். அடியில் உள்ளதை விடுங்கள். மூடி, இருட்டில் வையுங்கள். மூன்று முறைக்கு மேல் காய்ந்த எண்ணெய் வேண்டாம். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று பாட்டியிடம் கேட்டேன். "நாலு என்று போட்டால் ஆறு முறை காய்ச்சுவார்கள்" என்றார்.

ஒரு சாடி எண்ணெய் கொடுத்தால் இரண்டு கட்டி சோப்பு. வேண்டாதவர்களுக்குப் பணம். முதல் சுற்றில் ஒன்பது சாடி போனது, ஏழு திரும்பி வந்தது, பாட்டியின் செய்தித்தாளுக்கு முன்னால் நான்குதான் தேறியது. தேறாத மூன்றை அவர் கோபமில்லாமல் ஓரம் கட்டினார். அவற்றைச் சோப்புக்குச் சேர்க்கவில்லை. சாடிகளைக் கழுவிப் புதுத் துணியோடு அதே வீடுகளுக்குத் திருப்பி அனுப்பினோம். இரண்டாவது சுற்றில் ஒன்பதில் எட்டு தேறியது. ஒரு வீட்டில் பள்ளிக்கூடத்துப் பையன் தன் பாடப்புத்தகத்தையே சாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தான்.

அந்த எண்ணெயில் போட்டதுதான் ஆறாவது பெட்டி. இரண்டு மாற்றங்கள் செய்தேன். கழிவை ஐந்திலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைத்தேன், காறிப்போகக் கட்டிக்குள் மிஞ்சும் எண்ணெய் குறையட்டும் என்று. பிறகு ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்து கிராம் சிட்ரிக் அமிலம். எண்ணெயைக் கெடுக்கத் தூண்டும் இரும்பு, செம்புத் துணுக்குகளை அது கட்டிப்போடும், உப்புத் தண்ணீரில் வரும் வெள்ளைப் படலத்தையும் கொஞ்சம் குறைக்கும். அமிலம் என்பதால் அது தன் பங்குக்குச் சோடாவைத் தின்னும், பத்து கிராமுக்கு ஆறு கிராம் கூடுதலாகப் போட வேண்டும். 149.4-இல் மூன்று விழுக்காடு போய் 145, அதோடு ஆறு, ஆக 151 கிராம் சோடா. தண்ணீர் 290. சிட்ரிக்கை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், அந்த நேரத்தில் சூடு வழக்கத்தைவிட அதிகம்.

இந்தச் சோப்பின் குறைகளையும் வாங்குபவர்களிடம் சொல்லியே கொடுக்கிறோம். கடினமான தண்ணீரில் கண்ணாடி டம்ளர் மேல் மங்கலான படலம் விடும், அதற்கு இது உதவாது. எண்ணெய்ப் பாத்திரம், கரித்துணி, தரை, கை இவற்றுக்கு நன்றாக இருக்கிறது. குளியல் சோப்பு என்று விற்கவில்லை. உடம்புக்குப் போடுவது என்று சொல்லி விற்றால் பல நாடுகளில் உரிமமும் சோதனையும் தனி. எண்ணெய் வரும் வீடு ஒவ்வொன்றும் வேறு என்னும்போது அந்த வாக்குறுதியைக் கொடுக்க எனக்கும் மனமில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஆழமில்லாத பெட்டியில் இரண்டு கிலோ, போர்வை இல்லாமல். சோடா டப்பாவுக்கு இறுக்கமான மூடி, காற்றில் ஈரம் இழுத்துக் கட்டியான சோடா எடையில் ஏமாற்றும். எந்தச் சாடி எந்தப் பெட்டிக்குப் போனது என்று எண் போடுவது, நான்காவது பெட்டியில் அது இருந்திருந்தால் தகர டப்பாதான் குற்றவாளியா என்று உறுதியாகத் தெரிந்திருக்கும். அக்கா அதற்கு ஒரு புதிய பத்தி ஒதுக்கிவிட்டாள். "தொழில்" என்று நாங்கள் யாரும் இன்னும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அம்மா போன வாரம் கீழ்த்தட்டை முழுவதும் காலி செய்து, தன் பாத்திரங்களை மேலே ஏற்றிவிட்டு, "அத்தை, இந்த இடம் போதுமா?" என்று கேட்டார். பாட்டி கைகளை விரித்து அளந்து, போதாது என்றார்.

நேற்று ஆறாவது பெட்டியைச் சோதித்து முடித்த கையோடு, மூன்றாவது சுற்றுச் சாடிகளை மேசையில் வரிசையாக வைத்தோம். பத்து சாடி. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளை ஒவ்வொன்றின் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தார். ஒன்பது வலப்பக்கம் போனது. ஒன்றின் முன்னால் நின்று, இரண்டு முறை படித்துப் பார்த்து, மூடியை முகர்ந்து, இடப்பக்கம் தள்ளினார்.

"இது யார் வீட்டுச் சாடி?" என்றார்.

முந்தின இரவு அவசரத்தில், ஆறாத எண்ணெயை நான் ஊற்றிவைத்த சாடி அது.